படகு மாறியதும் கணக்கு பூஜ்யத்திலிருந்து: வரிசைப்படுத்திய பட்டியலில் தொடர்தொகை போடும் முறை

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் என் மாமா மீன் ஏலக் கணக்கு எழுதியவர். அவருடைய நோட்டில் ஒரு படகுக்கு ஒரு பக்கம். ஏலம் முடிய முடியத் தொகையை எழுதி, அதன் வலப்புறத்தில் அதுவரை சேர்ந்த தொகையையும் எழுதிக்கொண்டே வருவார். வஞ்சிரம் போனது 4,200, அடுத்துச் சங்கரா போனது 3,100, வலப்புறத்தில் 7,300. படகுக்காரர் வந்து நின்றால், டீசலுக்கும் ஐஸுக்கும் போட்ட பணம் எந்த ஏலத்தோடு தேறியது என்று விரலை வைத்துக் காட்டிவிடலாம். வெறும் மொத்தத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அடுத்த படகு வந்தால் அடுத்த பக்கம்; கணக்கு மறுபடி ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த ஓய்வில்தான் பழைய நோட்டுகளை எக்செலில் ஏற்றித் தருகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். நோட்டில் பக்கம் திருப்புவது கையின் வேலை. எக்செலில் எல்லாப் படகும் ஒரே பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன, திருப்புவதற்குப் பக்கம் கிடையாது. பெயர் மாறுகிற இடத்தைச் சூத்திரமே கண்டுபிடித்துக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் அதில் நான் செய்த பிழைகள் பலவும், திரையில் பிழை என்று எதுவும் தெரியாமலே நடந்தவை. ஆகவே சூத்திரத்தைச் சுருக்கமாகவும், அது எங்கே ஏமாற்றும் என்பதை விரிவாகவும் எழுதுகிறேன்.

பட்டியலை அமைத்தல்

முதல் வரி தலைப்பு. A பத்தியில் படகு, B-யில் ஏல நேரம், C-யில் தொகை, D-யில் தொடர்தொகை. கீழே உள்ள பெயர்களும் எண்களும் விளக்கத்துக்காக நான் எழுதியவை. மூன்று படகு, ஒரே நாள் காலை.

| வரி | A படகு | B நேரம் | C தொகை | D தொடர்தொகை |
|---|---|---|---|---|
| 2 | கௌரி | 5:40 | 4200 | 4200 |
| 3 | கௌரி | 6:05 | 3100 | 7300 |
| 4 | கௌரி | 6:30 | 1850 | 9150 |
| 5 | செல்வி | 5:25 | 6400 | 6400 |
| 6 | செல்வி | 5:55 | 2250 | 8650 |
| 7 | வேலவன் | 5:50 | 900 | 900 |
| 8 | வேலவன் | 6:10 | 5300 | 6200 |
| 9 | வேலவன் | 6:20 | 2700 | 8900 |
| 10 | வேலவன் | 6:45 | 1400 | 10300 |

ஏலம் நடந்தது இந்த வரிசையில் அல்ல. செல்வியின் முதல் ஏலம் 5:25-க்கு, கௌரியின் முதல் ஏலம் 5:40-க்கு, அவற்றின் அடுத்த ஏலங்களுக்கு நடுவில் வேலவன் புகுந்தது. ஆகவே முதல் வேலை வரிசைப்படுத்துவது. பட்டியலுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு `Data` பகுதியில் `Sort` திறந்து, முதல் நிலையாகப் படகையும், `Add Level` கொடுத்து இரண்டாம் நிலையாக நேரத்தையும் வையுங்கள். இரண்டாம் நிலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் படகின் இறுதித் தொகை சரியாகவே வரும். ஆனால் நடுவில் உள்ள ஒவ்வொரு தொடர்தொகையும் நடக்காத ஒரு கதையைச் சொல்லும். 6:30-க்குப் போன மீன் 5:40-க்குப் போன மீனுக்கு முன்னால் நின்றால், டீசல் பணம் எப்போது தேறியது என்ற கேள்விக்குப் பட்டியல் தவறான பதில்தான் தரும்.

வரிசைப்படுத்துவதற்கு முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். E பத்திக்குத் தலைப்பு மட்டும் கொடுத்து ஒதுக்கிவிட்டு, அதை ஒட்டிய F பத்தியில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுவையுங்கள். A பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்த முயன்றால், மற்றப் பத்திகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெயர்கள் மட்டும் இடம் மாறி, தொகைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். கௌரியின் பணம் செல்விக்குப் போய்விடும். பின்னால் நான் சொல்லப்போகிற எந்தச் சரிபார்ப்பிலும் இது சிக்காது. வரிசை எண்ணும் இதைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் பட்டியலை எண்வாரியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து நோட்டோடு ஒப்பிட அதைவிட்டால் வேறு வழியில்லை.

சூத்திரம்

D2 கட்டத்தில் இதை எழுதி, கடைசி வரி வரை கீழே இழுங்கள்.

```
=IF(A2=A1,D1,0)+C2
```

இதைத் தமிழில் படித்தால்: எனக்கு மேலே உள்ள படகும் நானும் ஒன்றா? ஒன்று என்றால் மேலே சேர்ந்திருக்கும் தொகையை எடு. இல்லை என்றால் பூஜ்யத்தை எடு. எதை எடுத்தாலும் அதனோடு என் தொகையைக் கூட்டு.

முதல் வரிக்குத் தனிச் சூத்திரம் தேவையில்லை என்பது இதில் ஒரு வசதி. A1-இல் "படகு" என்ற தலைப்பு இருக்கிறது. அது கௌரிக்குச் சமமில்லை. ஆகவே D1-இல் இருக்கும் தலைப்பு எழுத்துகளை எக்செல் தொடுவதே இல்லை, பூஜ்யத்தை எடுத்துக்கொள்கிறது. `=D1+C2` என்று எழுதியிருந்தால் எழுத்தோடு எண்ணைக் கூட்ட முயன்று `#VALUE!` என்று கத்தியிருக்கும்.

இப்போது நான் முதலில் எழுதிய சூத்திரத்தைப் பாருங்கள்.

```
=IF(A2=A1,D1+C2,0)
```

படகு மாறினால் பூஜ்யமாக்கு என்று சொன்னார்கள், அப்படியே பூஜ்யமாக்கினேன். எழுதும்போது இதில் குறை எதுவும் தெரியவில்லை. கௌரிக்கு 0, 3100, 4950 என்று வந்தது. செல்விக்கு 0, 2250. வேலவனுக்கு 0, 5300, 8000, 9400. எண்கள் ஏறுகின்றன, படகு மாறினால் பூஜ்யத்துக்கு இறங்குகின்றன. திரையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என்னப்பா, பக்கத்தைத் திருப்பியதும் எழுதுகிற முதல் வரியைக் கிழித்துப் போட்டுவிட்டாயா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதுதான் இந்த விஷயத்தின் மையம். பூஜ்யமாக வேண்டியது புதிய படகின் முதல் வரி அல்ல; அந்த வரிக்கு மேலே இருந்து வரும் தொகைதான். பக்கம் திருப்பியதும் தாள் வெறுமையாக இருக்கிறது, அதில் உடனே முதல் ஏலத்தை எழுதுகிறோம். வெறுமையான தாளை யாரும் ஒரு வரியாக எழுதிவைப்பதில்லை. சூத்திரத்தில் `+C2` அடைப்புக்குறிக்கு வெளியே நிற்பது இதற்காகத்தான். எந்த நிலையிலும் இந்த வரியின் தொகை கூட்டப்பட்டே ஆக வேண்டும். அது உள்ளே போய்விட்டால் ஒவ்வொரு படகின் முதல் ஏலமும் காணாமல் போகும். எங்கள் பட்டியலில் 4200, 6400, 900 ஆகிய மூன்றும் சேர்ந்து 11,500 ரூபாய்.

சரிபார்க்கும் பத்தி

மாமாவைப் போல ஒருவர் பக்கத்தில் எப்போதும் இருக்கமாட்டார். அதனால் E பத்தியில் ஒவ்வொரு படகின் கடைசித் தொடர்தொகையை மட்டும் தனியாக எடுக்கும் சூத்திரத்தை வையுங்கள். E2-இல் எழுதிக் கீழே இழுக்க வேண்டியது:

```
=IF(A2=A3,"",D2)
```

இந்த முறை மேலே பார்க்காமல் கீழே பார்க்கிறோம். அடுத்த வரியும் இதே படகு என்றால் காலியாக விடு, வேறு படகு என்றால் இதுதான் இந்தப் படகின் இறுதித் தொகை. கடைசி வரிக்குக் கீழே காலிக் கட்டம் இருப்பதால் அங்கும் சரியாக நிற்கும். E4-இல் 9150, E6-இல் 8650, E10-இல் 10300 வரும். மற்றவை காலி.

பிறகு ஓரமாக மூன்று கட்டங்களில் இவற்றை எழுதுங்கள்.

```
=SUM(C2:C10)
=SUM(E2:E10)
=COUNT(E2:E10)
```

முதலாவது எல்லா ஏலங்களின் மொத்தம், 28100. இரண்டாவது படகுகளின் இறுதித் தொகைகளின் மொத்தம், அதுவும் 28100 ஆக வேண்டும். மூன்றாவது எத்தனை இடத்தில் கணக்கு முடிந்தது என்ற எண்ணிக்கை, 3. அன்று ஏலத்துக்கு வந்த படகுகள் மூன்றுதானா என்பதை நோட்டைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எக்செலுக்கு அது தெரியாது.

முதல் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எது பெரியது என்று பாருங்கள். பிழை எந்தப் பக்கம் என்பதை அதுவே சொல்லும். E-யின் மொத்தம் குறைவாக இருந்தால் ஏதோ ஒரு வரி தொடர்தொகைக்குள் வராமல் விடுபட்டிருக்கிறது. என் பழைய சூத்திரத்தில் 28100-க்கு எதிரே 16600 வந்திருக்கும். மாறாக E-யின் மொத்தம் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் தொடர்தொகையில் இல்லை, C பத்தியில் இருக்கிறது. அங்கே ஏதோ ஒரு தொகை எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. எழுத்தாக நிற்கும் 4200-ஐ `+` குறி எண்ணாக மாற்றிக் கூட்டிவிடும். `SUM` அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அப்படிப்பட்ட தொகை வழக்கமாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். உண்மையான எண் வலது ஓரத்தில் நிற்கும்.

நேரத்துக்கும் இதே தொல்லை உண்டு. எழுத்தாகப் பதிவான நேரங்களை வரிசைப்படுத்தினால் 10:05 வந்து 5:40-க்கு முன்னால் நின்றுகொள்ளும், 1 என்ற எழுத்து 5-க்கு முந்தியது என்பதால்.

நடுவில் ஒரு வரியைச் செருகினால்

எனக்குப் பணம் சம்பந்தமாக உண்மையிலேயே வியர்த்தது இந்த இடத்தில்தான். பட்டியல் முடிந்த பிறகு, நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஓர் ஏலம் கண்ணில் பட்டது. செல்வி, 5:40, 1200 ரூபாய். ஐந்தாம் வரிக்கும் ஆறாம் வரிக்கும் நடுவில் ஒரு வரியைச் செருகி எழுதினேன். D6-க்கும் சூத்திரத்தை இழுத்துவிட்டேன், 7600 வந்தது. சரி என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

ஏழாம் வரிக்குத் தள்ளப்பட்ட பழைய ஆறாம் வரியின் சூத்திரம் இப்போது இப்படி இருக்கும்.

```
=IF(A7=A5,D5,0)+C7
```

அது முன்பு ஐந்தாம் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் புதிய வரி வந்த பிறகும் அதே ஐந்தாம் வரியைத்தான் பார்க்கிறது, "எனக்கு நேர் மேலே" என்று அது நினைப்பதில்லை. ஆகவே புதிய வரியைத் தாண்டிப் போய் 6400-ஐ எடுத்து, 2250-ஐக் கூட்டி, மறுபடி 8650 என்றே காட்டுகிறது. வந்திருக்க வேண்டியது 9850. செல்வியின் படகுக்காரருக்கு 1200 ரூபாய் குறைகிறது; எந்தக் கட்டத்திலும் பிழைக்குறி இல்லை. 6400, 7600, 8650 என்று எண்கள் ஏறுமுகமாகவே நிற்பதால் கண்ணும் ஏமாறும்.

சரிபார்க்கும் பத்தி இருந்தால் இது உடனே பிடிபடும். C-யின் மொத்தம் 29300, E-யின் மொத்தம் 28100, வித்தியாசம் 1200. விடுபட்ட தொகை அப்படியே வித்தியாசமாக வந்து நிற்பதால் தேடுவதும் எளிது. திருத்துவது அதைவிட எளிது. D2-ஐப் பிடித்துக் கடைசி வரி வரை மறுபடி இழுத்தால் எல்லாச் சூத்திரமும் நேர் மேல் வரியைப் பார்க்கும். வரியை நீக்கும்போதாவது எக்செல் `#REF!` என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். செருகும்போதுதான் வாய் திறக்காது.

இப்போதெல்லாம் நான் நடுவில் செருகுவதே இல்லை. விடுபட்ட ஏலத்தைப் பட்டியலின் அடியில் எழுதி, மறுபடி படகு, நேரம் என்று வரிசைப்படுத்தி, D2-ஐயும் E2-ஐயும் முழுவதும் இழுத்துவிட்டு, `SUM`, `COUNT` எல்லைகளையும் புதிய கடைசி வரி வரை நீட்டிவிடுகிறேன். ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்குப் பிறகும் ஒருமுறை இழுத்துவிடுவது கைப்பழக்கமாகிவிட்டது.

கௌரியும் கெளரியும்

இது தமிழில் கணக்கு எழுதுகிறவர்களுக்கே உரிய தலைவலி. கௌரி என்ற பெயரில் இருப்பது ஒற்றை ஔகாரக் குறி. விசைப்பலகையில் அது எங்கே என்று தெரியாதவர்கள் ஒற்றைக் கொம்பைப் போட்டு, ககரத்தை எழுதி, பக்கத்தில் ளகரத்தையும் எழுதிவிடுகிறார்கள். திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோல்தான் தெரியும். எக்செலுக்கு அவை இரண்டு படகுகள்.

மேலே உள்ள பட்டியலில் நான்காம் வரியை மட்டும் வேறொருவர் இப்படி எழுதியிருந்தால், கௌரியின் கணக்கு 7300-இல் முடிந்துவிடும். இன்னொரு 'கெளரி' 1850 ரூபாயோடு தனியாக நிற்கும். மொத்தங்கள் இரண்டும் 28100 என்றே ஒத்துப்போகும், ஏனென்றால் எந்த வரியும் விடுபடவில்லை, ஒரு படகுதான் இரண்டாக உடைந்திருக்கிறது. மூன்றாவது கட்டத்தின் எண்ணிக்கை மட்டும் 3-க்குப் பதிலாக 4 என்று காட்டும். அந்த எண்ணிக்கையை நோட்டோடு ஒப்பிடச் சொன்னது இதற்காகத்தான்.

சந்தேகம் வந்தால் ஒரு காலிக் கட்டத்தில் நீளத்தை அளந்து பாருங்கள்.

```
=LEN(A4)
```

ஔகாரக் குறியோடு எழுதிய கௌரிக்கு 4 வரும், ளகரத்தோடு எழுதியதற்கு 5. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் இதே வழியில் வெளிவரும். தேடி மாற்றும் வசதியைக் கொண்டு "கெள" என்பதையெல்லாம் "கௌ" என்று ஒரே அடியாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். மீன் கணக்கில் அது ஆகாது. கெளுத்தியும் கானாங்கெளுத்தியும் அந்த ளகரத்தோடுதான் வாழ்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடுவீர்கள். A பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, முழுப் பெயரையும் கொடுத்து மாற்றுங்கள். இன்னும் நல்லது, படகின் பெயரை விட்டுவிட்டுப் பதிவு எண்ணை வைத்து வரிசைப்படுத்தி ஒப்பிடுவது. ஒரே சாமி பெயரில் இரண்டு மூன்று படகுகள் நிற்கிற துறையில் அதுவே பாதுகாப்பு.

படகுக்குள் மீன்வாரியாக

மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு படகிலும் மீன்வாரியாகத் தொடர்தொகை வேண்டும் என்றார். B-யில் மீனை வைத்து, நேரம் C-க்கும் தொகை D-க்கும் தொடர்தொகை E-க்கும் நகர்ந்தன. படகு, மீன், நேரம் என்று மூன்று நிலையில் வரிசைப்படுத்தினேன். மீன் மாறினால் புதுக்கணக்கு, அவ்வளவுதானே என்று மீனை மட்டும் ஒப்பிட்டால் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. கௌரியின் கடைசி மீன் வஞ்சிரம், செல்வியில் இருந்ததே வஞ்சிரம் மட்டும் என்று வையுங்கள். இரண்டு வஞ்சிரமும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும், பெயர் மாறவில்லை என்று சூத்திரம் நினைக்கும், கௌரியின் பணம் செல்வியின் கணக்குக்குள் வழிந்துவிடும். உள்நிலை மாறாவிட்டாலும் வெளிநிலை மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்கியாக வேண்டும்.

```
=IF(AND(A2=A1,B2=B1),E1,0)+D2
```

படகும் ஒன்று, மீனும் ஒன்று என்றால்தான் மேல்தொகை வரும். சரிபார்க்கும் சூத்திரத்திலும் இதே இரட்டை நிபந்தனையைக் கீழ்வரியோடு ஒப்பிட்டு எழுத வேண்டும்.

வரிசைப்படுத்தாமல் முடியாதா?

முடியும். முதல் பட்டியலின் D2-இல் இதைப் போட்டு இழுத்தால், பெயர்கள் எப்படிக் கலைந்து கிடந்தாலும் ஒவ்வொரு படகுக்கும் அதுவரை சேர்ந்த தொகை வரும்.

```
=SUMIFS(C$2:C2,A$2:A2,A2)
```

நடுவில் வரியைச் செருகினாலும் கீழே உள்ள வரிகள் அதைச் சேர்த்துக்கொள்ளும். அப்படியானால் இதையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இரண்டு காரணத்தால் நான் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்று வேகம்: ஒவ்வொரு வரியும் தலை முதல் தன் இடம் வரை எல்லா வரிகளையும் பார்க்கிறது. பத்தாயிரம் வரி என்றால் சுமார் 5 கோடி ஒப்பீடு. முந்தைய சூத்திரத்துக்குப் பத்தாயிரம் ஒப்பீடே போதும். மாமாவின் நோட்டுகள் நான்கு ஆண்டுக்கு உரியவை, என் கணினியோ பழையது.

இன்னொன்று அதைவிட முக்கியம். தேதிவாரியாக நிற்கும் பட்டியலில் கௌரி திங்களன்று வந்தது, செல்வி செவ்வாயன்று, கௌரி மறுபடி வியாழனன்று வந்தது. வியாழனன்று புதிய டீசல், புதிய ஐஸ், புதிய கணக்கு. மேல்வரியோடு ஒப்பிடும் சூத்திரம் நடுவில் செல்வியைப் பார்த்ததால் கௌரியைப் புதிதாகத் தொடங்கும். `SUMIFS` கௌரி என்ற பெயரை மட்டும் பார்ப்பதால் திங்கள் கணக்கின் மேலேயே வியாழனை ஏற்றிவிடும். ஆனால் திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் வேறு படகே வராத வாரமும் உண்டு. அன்று மேல்வரிச் சூத்திரமும் இரண்டு பயணத்தையும் ஒன்றாகவே ஒட்டிவிடும். அதனால் பட்டியலில் பயண எண் என்று ஒரு பத்தியைச் சேர்த்து, மீனை வைத்துச் செய்ததுபோலவே, படகோடு அதையும் `AND`-க்குள் வைத்துவிட்டேன்.